வெட்டப்பட்ட பதினான்கு தசம் ஆறு

எங்கள் ஆய்வுகூடத்தில் தேநீர் போடுவது ஒரு தண்டனை. யாருடைய அளவீடு பிழையென்று வெட்டப்படுகிறதோ, அன்றைக்கு அவர்தான் எல்லோருக்கும் தேநீர் போடவேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பு ஒரு மூலையில் இருந்தது. அதைப் பற்றவைக்கக் கால் மணித்தியாலம் செல்லும். பற்றியதும் முகத்தில் கரி அடிக்கும். வெட்டுப்பட்டவர் அந்தக் கரியோடுதான் அன்று முழுவதும் திரிவார்.

இந்தச் சட்டத்தை வைத்தவர் எங்கள் மேலதிகாரி. நாங்கள் அவரைச் சேர் என்போம். தண்டனை இருந்தால் கவனம் வரும் என்பது அவருடைய எண்ணம். கவனம் வரத்தான் செய்தது. எதில் வந்தது என்பதுதான் கதை.

அறுபதுகளின் தொடக்கம். ஆய்வுகூடம் கிளிநொச்சியில் வாய்க்கால் கரையோடு இருந்தது. இரண்டு அறை, ஓட்டுக்கூரை, வெளியே பார்வையாளர்கள் இருக்க ஒரு மர வாங்கு. வன்னி முழுக்கக் காடு வெட்டிக் குடியேற்றிக்கொண்டிருந்த காலம். குடியேறியவர்கள் தத்தம் மேட்டுக்காணியில் கிணறு வெட்டுவார்கள். அந்தத் தண்ணீர் ஒரு போத்தலில் எங்களிடம் வரும். அதில் எவ்வளவு உப்பு, சரியாகச் சொன்னால் எவ்வளவு குளோரைட்டு இருக்கிறது என்று நாங்கள் சொல்லவேண்டும். காணி அலுவலகம் ஒரு கோடு கீறியிருந்தது: பத்து இலட்சம் பங்கு தண்ணீரில் குளோரைட்டு முந்நூறு பங்கு. சராசரி முந்நூறுக்குள் நின்றால் கிணறு கிணறு. தாண்டினால் அந்தக் கிணற்றை மூடிவிட்டுக் குடும்பத்தை வேறு காணிக்கு அனுப்புவார்கள். வேறு காணி என்றால் பெரும்பாலும் காட்டோரம். அங்கே முதல் ஆளாக வரவேற்க யானை நிற்கும்.

சோதனை சிக்கலானதல்ல. ஐம்பது மில்லிலீற்றர் தண்ணீரைக் குடுவையில் எடுத்து, குரோமேற்றுக் கரைசலில் சில துளி விட்டால் மஞ்சளாகும். மேலே பியூரெட் என்ற அளவுகோடிட்ட நீண்ட கண்ணாடிக் குழாயில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் இருக்கும். அதைத் துளித்துளியாக விட்டுக் குடுவையைச் சுழற்றவேண்டும். உப்பெல்லாம் வெள்ளியோடு சேர்ந்து வெண்மையாகப் படிந்து முடிந்ததும், அடுத்த துளியில் மஞ்சளுக்குள் ஒரு மெல்லிய செங்கல் சாயல் வந்து மறையாமல் நிற்கும். அந்த இடத்தில் குழாயைப் பூட்டி, எவ்வளவு செலவானது என்று வாசிக்கவேண்டும். அந்த இலக்கத்தை இருபதால் பெருக்கினால் விடை. பதினைந்து மில்லிலீற்றர் செலவானால் முந்நூறு. ஆகவே எங்களுக்குக் கோடு என்பது பதினைந்துதான். கரைசலின் வலுவை மாதத்துக்கு ஒருமுறை சேரே தன் கையால் சரிபார்ப்பார். அதில் யாரையும் தொடவிடமாட்டார்.

சிக்கல் அந்த மெல்லிய சாயலில் இருந்தது. ஒருவர் கண்ணுக்கு வந்துவிட்டது, இன்னொருவர் கண்ணுக்கு வரவில்லை. அதனால்தான் ஒவ்வொரு தண்ணீரையும் ஐந்து தடவை சோதித்துச் சராசரி எடுப்போம்.

ஐந்தில் ஒன்று மட்டும் தள்ளி நின்றால் என்ன செய்வது என்பதற்கும் சேர் ஒரு வழி வைத்திருந்தார். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் கண்டதைத் தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். சந்தேகப்படும் இலக்கத்துக்கும் அதற்கு மிகக் கிட்ட நிற்கும் இலக்கத்துக்கும் உள்ள இடைவெளியை எடு. ஆகப் பெரிய இலக்கத்துக்கும் ஆகச் சிறியதற்கும் உள்ள மொத்த வீச்சால் அதை வகு. வருவது கியூ. தாளில் உள்ள எல்லையைவிடக் கியூ பெரிதானால் வெட்டு. இல்லாவிட்டால் உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்த இலக்கம் இருக்கட்டும். மூன்று அளவீடு என்றால் எல்லை 0.94, நான்கு என்றால் 0.76, ஐந்து என்றால் 0.64. கீழே சிவப்பில் ஒரு வரி: ஒரு தொகுதியில் ஒரு தடவைதான் வெட்டலாம். எனக்கு முன்பு அங்கு வேலை செய்தவர் ஒருவர் வெட்டி வெட்டிக் கடைசியில் இரண்டு இலக்கத்தோடு வந்து, இரண்டும் அச்சொட்டாகப் பொருந்துகின்றன என்று சேரிடம் காட்டினாராம். அதற்குப் பிறகு எழுதிய வரி அது.

கியூ பார்ப்பது என் வேலை. எனக்கு அதில் பெருமையும் இருந்தது. முன்பெல்லாம் ஓர் இலக்கத்தைத் தள்ளுவதென்றால் யாருக்காவது முகம் கறுக்கும், வாய்த்தர்க்கம் வரும். இப்போது ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், முடிந்தது. வெட்டும்போது இலக்கத்தின் குறுக்கே ஒரேயொரு சிவப்புக்கோடு கீறவேண்டும். கீழே உள்ளது வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அழிப்பது குற்றம்.

என்னுடன் இருந்தவர் மூத்த உதவியாளர். நான் அவரை அண்ணை என்பேன். பதினொரு வருடமாக அதே மேசை, அதே பியூரெட். ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் இருந்தது. அந்தப் பதினொரு வருடத்தில் ஒருநாளும் அவருடைய இலக்கம் வெட்டுப்பட்டதில்லை, ஒருநாளும் அவர் தேநீர் போட்டதில்லை. அதை அவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார்.

அவர் முதலில் செய்வார். முடிந்ததும் கோயிலில் ஏலம் கூறுகிறவர் மாதிரி உரத்துச் சொல்வார், நான் புத்தகத்தில் பதிவேன். பிறகு நான் செய்வேன். நான் வேலைக்கு வந்த முதல் மாதமே ஒன்று கண்டேன். என் கண்ணுக்குச் சாயல் வந்து நின்ற பிறகும் அண்ணை விட்டுக்கொண்டிருப்பார். அவருடைய குடுவை எப்போதும் என்னுடையதைவிட ஒருபடி சிவந்திருக்கும். முதல் மாதத்தில் எனக்கு ஐந்தில் ஒரு குடுவைதான், அதற்கு இரண்டு தடவை வெட்டு விழுந்தது. இரண்டு தடவை கரி. மூன்றாம் தடவையிலிருந்து அவர் சொன்ன இலக்கத்துக்குக் கிட்டப் பியூரெட்டில் மட்டம் வரும்வரை நானும் விட்டேன். அதற்குப் பிறகு எனக்கு வெட்டு விழவேயில்லை. அனுபவம் வந்துவிட்டது என்று சேர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். நினைக்க விரும்பினால் எதையும் நினைக்கலாம்.

மூன்றாவதாக வந்தவர் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த ஒரு பெண். கத்தோலிக்கக் குடும்பம், தகப்பனுக்குக் கடலில் தொழில். யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் விஞ்ஞானம் படித்தவர். எல்லோரும் அவரை மிஸ் என்போம். கிளிநொச்சியில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தார், வெள்ளி பின்னேரம் வீட்டுக்குப் போய்த் திங்கள் காலை பஸ்ஸில் திரும்புவார். அவர் வந்ததிலிருந்து ஐந்து குடுவையில் அண்ணைக்கு இரண்டு, எனக்கு இரண்டு, மிஸ்ஸுக்கு ஒன்று. வந்து மூன்று கிழமையில் அவருக்கும் வெட்டு விழவில்லை. கெட்டிக்காரி என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஒரு திங்கட்கிழமை அவருடைய பஸ் பிந்திவிட்டது. ஒட்டுசுட்டானுக்கு அங்கால் தெருவின் நடுவில் ஒரு யானை நின்றிருக்கிறது. சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை, அடிப்பவன் மடையன். ஒன்றரை மணித்தியாலம் எல்லோரும் பஸ்ஸுக்குள்ளேயே இருந்து யானையைப் பார்த்தார்களாம். மிஸ் வந்து சேர்ந்தபோது நானும் அண்ணையும் எங்கள் நான்கு குடுவையையும் முடித்துப் புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தோம். அவர் தனியாக யன்னலோரம் தன் ஒரு குடுவையைச் செய்து, இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிப் புத்தகத்தின் மேல் வைத்திருந்தார்.

அந்தத் தண்ணீர் ஒட்டுசுட்டான் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்திலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் ஒரு முஸ்லிம் கமக்காரர். ஐம்பது வயதிருக்கும். முஸ்லிம்களில் மூத்தவரை நாங்கள் காக்கா என்போம், இவரையும் அப்படித்தான் அழைத்தேன். போத்தலைத் தரும்போதே கதை முழுக்கச் சொல்லிவிட்டார். இருபத்தெட்டு அடி. பதினாறாம் அடியில் கல். தானும் இரண்டு மகன்மாரும் நான்கு மாதம் உளியால் கொத்தியது. பக்கத்துக் காணிக்காரனின் கிணறு போன வருடம் எங்கள் கடிதத்தால் மூடப்பட்டது. அவன் குடும்பத்தோடு காட்டோரக் காணிக்குப் போய்விட்டான். தனக்கும் அப்படி வந்தால் இன்னொரு கிணறு வெட்டத் தன் உடம்பில் சத்தில்லை என்றார். போத்தலை என்னிடம் தருமுன் மூடியில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துக் காட்டினார். குடிப்பது சான்றாகாது என்று நான் சொன்னேன். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது, அப்படித்தான் பேசுவேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து புத்தகத்தைத் திறந்தேன். அண்ணை: 15.05, 15.10. நான்: 15.10, 15.05. மிஸ்ஸின் துண்டில் 14.60.

ஐந்தையும் கூட்டினால் 74.90. சராசரி 14.98. இருபதால் பெருக்கினால் 299.6. கோட்டுக்குள் மயிரிழையில் நின்றது கிணறு. ஆனால் 14.60 தனியாகத் தள்ளி நின்றது. கியூ பார்த்தேன். அதற்குக் கிட்ட நிற்பது 15.05, இடைவெளி 0.45. ஆகப் பெரியது 15.10, வீச்சு 0.50. வகுத்தால் 0.90. சுவரில் ஐந்துக்கு எல்லை 0.64. ஐயத்துக்கு இடமேயில்லை. சிவப்புக்கோடு கீறினேன். மிச்சம் நான்கையும் கூட்டினால் 60.30. சராசரி 15.075. இருபதால் பெருக்க 301.5.

கிணறு போய்விட்டது.

“நான் சரியாத்தான் பாத்தனான்,” என்றார் மிஸ். “நிறம் வந்து நிண்டது.”

“பிள்ளை, அது நானோ தம்பியோ சொல்லேல்லை. கணக்குச் சொல்லுது,” என்றார் அண்ணை. “யானையைப் பாத்த பதட்டம் கையிலை இருந்திருக்கும். அடுப்பைப் பத்தவையுங்கோ.”

மிஸ் பற்றவைத்தார். கன்னத்தில் கரி பட்டது. தேநீர் நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சேர் கணக்கைப் பார்த்தார். கழித்தல் சரி, வகுத்தல் சரி, கோடு ஒன்று, கீழே இலக்கம் தெரிகிறது. கையெழுத்துப் போட்டார். காணி அலுவலகத்துக்கான கடிதம் தட்டச்சாகி வெள்ளிக்கிழமைத் தபால் பையில் போகவிருந்தது.

வியாழக்கிழமை காக்கா வந்துவிட்டார். வாங்கில் இருந்தார். சாரத்தை இறுக்கிக் கட்டி, வெள்ளைத் தொப்பி போட்டு, கொஞ்சம் விசேடத்துக்கு வந்தவர் மாதிரி. சேர் கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். அண்ணை உள்ளே போத்தல் கழுவத் தொடங்கினார். சாதாரணமாக அவர் போத்தல் கழுவுவதில்லை. நான்தான் வெளியே போனேன்.

“காக்கா, தண்ணி பிழைச்சுப் போச்சு. கோட்டுக்கு மேலை.”

“எவ்வளவு மேலை?”

“ஒண்டரை.”

“முந்நூறிலை ஒண்டரையோ?”

“ஓம்.”

அவர் தன் கையைப் பார்த்தார். விரல் முட்டிகளில் கல் தெறித்த காயங்கள் ஆறாமல் இருந்தன. பிறகு, எழுதினதைப் பார்க்கலாமா என்று கேட்டார். காட்டக்கூடாது என்று சட்டமில்லை. புத்தகத்தைக் கொண்டுவந்து திறந்தேன். இலக்கங்களை அவர் நன்றாகவே வாசித்தார். சிவப்புக்கோட்டில் விரலை வைத்தார்.

“இதை ஏன் வெட்டினீங்கள்?”

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதனின் கிணற்றை மூடப்போகிற கணக்கை நான் உற்சாகத்தோடு விளங்கப்படுத்தினேன். இடைவெளி இது, வீச்சு இது, வகுத்தால் இது, சுவரில் இருப்பது இது. அவர் ஒழுங்காகக் கேட்டார்.

“அப்ப நாலு பேர் ஒரு பக்கம் நிண்டா, மற்றவன் சொல்லுறது எடுபடாது.”

“அப்பிடிச் சொல்லேலாது காக்கா. அவன் எவ்வளவு தள்ளி நிக்கிறான் எண்டதையும் பாக்கவேணும்.”

“சரி. அந்த நாலு பேரும் தனித்தனியப் பாத்தவையோ?”

எனக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கவில்லை. அவர் விளங்கப்படுத்தினார். நோன்பு முடியும் நேரம் பிறை கண்டோம் என்று ஊரில் நான்கு பேர் பள்ளிவாசலுக்கு வருவார்களாம். “தொழுகை நடத்திற எங்கடை லெப்பை முதல் கேக்கிறது அதுதான் தம்பி. நீ உன்ரை கண்ணாலை தேடிக் கண்டியோ, பக்கத்திலை நிண்டவன் விரலை நீட்ட ஓம் எண்டனியோ? விரலைப் பாத்தவன் பத்துப் பேர் வந்தாலும் அது ஒரு சாட்சிதான்.”

“தனித்தனியாத்தான் பாத்தனாங்கள்,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சந்தேகமாகப் பார்க்கவில்லை. நம்பினார். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. சலாம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

உள்ளே வந்தேன். மிஸ் யன்னலோரம் நின்றிருந்தார், எல்லாம் கேட்டிருக்கிறது.

“தனித்தனியாவோ பாத்தனீங்கள்?” என்று கேட்டார்.

“நீங்களும்தானே மூண்டு கிழமையா எங்களோடை பொருந்தினனீங்கள்?” என்றேன். எனக்குக் கோபம். யாரில் என்று தெரியவில்லை.

“ஓம். நீங்கள் சொல்லுற இலக்கத்தைக் கேட்டுக்கொண்டு அதிலைதான் நானும் நிப்பாட்டுறனான். முதல் நாளே கண்டிட்டன், இஞ்சை அதுதான் வழக்கம் எண்டு. திங்கட்கிழமை கேக்க ஒருத்தரும் இல்லை. அதாலை நிறத்தைப் பாத்தனான்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. அடுத்த அறையில் போத்தல் கழுவும் சத்தம் நின்றது.

வெள்ளி காலை தபால் பை கட்டுமுன் நான் சேரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அண்ணையின் ஓய்வூதியம் மனதில் ஓடியது. என் வேலையும் ஓடியது, பொய் சொல்லவில்லை. ஆனால் எதைவிடவும் அந்த மனிதன் நம்பிக்கொண்டு எழும்பிப் போனது உறுத்தியது. சொன்னேன். தேநீர், கரி, உரத்துச் சொல்வது, மட்டம் பார்த்து நிறுத்துவது, எல்லாம். அண்ணையின் குடுவை சிவந்திருக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

சேர் சத்தம் போடவில்லை. தட்டச்சான கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

“ஆகத் தேத்தண்ணிதான் இந்தளவு நாளும் இஞ்சை சோதனை செய்திருக்கு,” என்றார்.

பிறகு அவர் சுத்தமான உப்பைத் தராசில் நிறுத்து, தண்ணீரில் கரைத்து, மூவருக்கும் ஒவ்வொரு குடுவை தந்தார். எவ்வளவு உப்பு என்று சொல்லவில்லை. இலக்கத்தை வாயால் சொல்லாமல் துண்டில் எழுதி மடித்துத் தரச் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் மூன்று மூலையில் நின்று செய்தோம். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு காவல் இருந்திருக்காது. விரித்துப் பார்த்தார். வரவேண்டியது 14.00. மிஸ் 14.05. நான் 14.00. அண்ணை 14.45.

அண்ணை தன் குடுவையை யன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இப்பதானே நிறம் வருது,” என்றார். எங்கள் கண்ணுக்கு அது நன்றாகச் சிவந்து போயிருந்தது.

காக்காவின் போத்தலில் இன்னும் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. ஐந்து குடுவை. இந்தத் தடவை சேரும் ஒன்று செய்தார், நான் இரண்டு, மற்ற இருவரும் ஒவ்வொன்று. துண்டுகள் விரிந்தன. சேர் 14.65. நான் 14.65, 14.60. மிஸ் 14.60. அண்ணை 15.10.

கணக்குப் பார்க்கும்படி சேர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். சந்தேகத்துக்குரியது 15.10. கிட்ட நிற்பது 14.65, இடைவெளி 0.45. வீச்சு 0.50. கியூ 0.90. திங்கட்கிழமை வந்த அதே 0.90. அன்றைக்கு அது சரியானதை வெட்டியது, இன்றைக்குப் பிழையானதை வெட்டுகிறது. கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். யார் தள்ளி நிற்கிறான் என்று அது சொல்லும். ஏன் மற்றவர்கள் சேர்ந்து நிற்கிறார்கள் என்று அதனிடம் கேட்டால் அதற்குத் தெரியாது.

சிவப்புக்கோடு கீற என் கை வரவில்லை. அண்ணைதான் பேனையை வாங்கிக் கீறினார். கோடு கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது, இன்னொரு தடவை சரியாகக் கீறினார். மிச்சம் நான்கின் கூட்டுத்தொகை 58.50. சராசரி 14.625. இருபதால் பெருக்க 292.5. கிணறு தப்பியது. வெட்டாமல் விட்டிருந்தாலும் 294.4தான் வந்திருக்கும். ஆனால் சட்டம் சட்டம்.

அண்ணை எழும்பி அடுப்பு மூலைக்குப் போனார். வேண்டாம் என்று சேர் சொன்னார், மிஸ்ஸும் சொன்னார். அவர் கேட்கவில்லை. தீப்பெட்டியைத் தடவி எடுத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“தம்பி, என்ரை குடுவை சிவக்குதெண்டு உனக்கு எப்ப தெரியும்?”

“வந்த மாசமே தெரியும் அண்ணை.”

“பிறகேன் என்னோடை சேந்து நிண்டனீ?”

நான் கரி பிடித்த அடுப்பைக் காட்டினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அண்டைக்கே சொல்லியிருந்தா நான் கண்ணைக் காட்டியிருப்பன்,” என்றார்.

அவரைச் சேர் யாழ்ப்பாணத்துக்குக் கண் வைத்தியரிடம் அனுப்பினார். வெண்படலம் என்றார்கள். பிறகு அவர் போத்தல் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு, ஓய்வூதியத்துடன்தான் போனார். தேநீர்ச் சட்டம் அன்றோடு ஒழிந்தது. இலக்கம் கூறுவதும் ஒழிந்தது. சுவரில் இருந்த தாளின் அடியில் சேர் இரண்டாவது சிவப்பு வரி ஒன்றை எழுதினார்: தனித்தனியாகப் பார்த்தால் மட்டும்.

காக்காவுக்கான புதிய கடிதத்தைத் தபாலில் விடாமல் நானே கொண்டுபோகிறேன் என்று கேட்டேன். திங்கட்கிழமை ஒட்டுசுட்டான் பஸ்ஸில் போய், இறங்கி இரண்டு மைல் நடந்து, காக்காவின் காணிக்குப் போனேன். வெண்டியும் மிளகாய்க் கன்றும் வைத்திருந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். நடந்ததையும் சொன்னேன், தனித்தனியாகப் பார்த்தோம் என்று நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவர் வைவார் என்று தயாராகத்தான் போனேன். அவர் வாளியை விட்டு ஒரு செம்பு தண்ணீர் அள்ளித் தந்தார். குடித்தேன். நல்ல தண்ணீர்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். மகன்மாரைக் கூப்பிட்டுச் சொன்னார். மூவரும் கிணற்றுக்கட்டில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்னை நானே பாராட்டிக்கொள்ளவும் தொடங்கியிருந்தேன்.

பிறகு அவர் வேலிக்கு அப்பால் கையைக் காட்டினார். பக்கத்துக் காணி. ஆளில்லை. புல்லும் நாயுண்ணிப் பற்றையும் மூடியிருந்தன. கிணறு இருந்த இடத்தில் கல்லும் மண்ணும் வட்டமாக மேடிட்டுக் கிடந்தன.

“தம்பி, அவன்ரை தண்ணியையும் போன வருசம் நீங்கள்தானே பாத்தனீங்கள்? அதையும் தனித்தனியப் பாத்தியளோ?”

எனக்குத் தெரியாது, புத்தகத்தில் பார்க்கவேண்டும் என்றேன்.

அன்று பின்னேரம் போன வருடப் புத்தகத்தை எடுத்தேன். அண்ணைக்கு மூன்று, எனக்கு இரண்டு. 15.15, 15.15, 15.20, 15.15, 15.20. சராசரி 15.17. இருபதால் பெருக்க 303.4. அண்ணையின் கண் கூட்டிய 0.45ஐக் கழித்துப் பார்த்தேன். 294 வந்தது.

எவ்வளவு அழகான தொகுதி. ஒன்றும் தள்ளி நிற்கவில்லை, வெட்ட ஒன்றும் இல்லை, சேர் பக்கத்தில் ‘நன்று’ என்று எழுதியிருந்தார். புத்தகத்தின் முன்பக்கங்களைப் புரட்டினேன். கோட்டுக்குச் சற்று மேலே போன கிணறுகள் இன்னும் இருந்தன. எல்லாம் அதே மாதிரிச் சுத்தமான பக்கங்கள். மூன்றாவதில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைச் சேரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எல்லாப் பக்கத்தையும் பார்த்தார். மூடாமல் இருந்த கிணறுகளுக்குத் திரும்பவும் போத்தல் அனுப்பச் சொன்னார்.

காக்காவின் பக்கத்துக் காணிக்காரனுக்கு அனுப்பப் போத்தல் தேவைப்படவில்லை. மண் போட்டு மூடிய கிணற்றில் அள்ளத் தண்ணீர் இல்லை. அந்தப் பக்கத்தில் இரண்டு இலக்கங்கள் என்னுடையவை, என் கண் பார்க்காமல் எழுதியவை. அதில் சிவப்புக்கோடு ஒன்றும் இல்லை.